புதிய ரேஷன் அட்டை 60 நாளைத் தாண்டியும் வரவில்லையா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஷன் ஆபீஸ் சுவரில் 'மக்கள் சாசனம்'னு ஒரு போர்டு இருக்கு. அது என்ன, அதுல நமக்கு என்ன இருக்கு?

ஒவ்வொரு அலுவலகமும் என்ன வேலை செய்து தரும், அதற்கு எத்தனை நாள் எடுத்துக்கொள்ளும், எவ்வளவு கட்டணம், யார் பொறுப்பு, தாமதமானால் யாரைப் பார்க்க வேண்டும் என்று மக்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்கும் உறுதிமொழி அது. 1997 மே மாதம் டெல்லியில் நடந்த முதலமைச்சர்கள் மாநாட்டுக்குப் பிறகுதான் மத்திய, மாநில அரசுத் துறைகளில் இப்படிச் சாசனம் எழுதும் வழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் உணவு வழங்கல் துறைக்கும் ஒன்று உண்டு. புதிய குடும்ப அட்டை கேட்டு விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் தர வேண்டும் என்பது அதில் நமக்கு மிகவும் வேண்டிய வரி.

பலர் போர்டைப் பார்த்துவிட்டு நாள் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நாள் கணக்குக்குப் பக்கத்தில் அதிகாரியின் பதவிப் பெயரும் மேல்முறையீட்டு அதிகாரியின் பதவிப் பெயரும் இருக்கும். பின்னால் மனு எழுதும்போது கை கொடுப்பவை அந்த இரண்டு பெயர்கள்தான். செல்போனில் போர்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர்டு இல்லை, அல்லது எழுத்து அழிந்துபோயிருக்கிறது என்றால் சாசனத்தின் நகலைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவின்படி, தன் பணிகளுக்கு வகுத்திருக்கும் நெறிகளை அலுவலகம் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும்.

60 நாளைத் தாண்டினா அபராதம் போடுவாங்களா? சட்டப்படி கேட்க முடியுமா?

சாசனத்தை மட்டும் காட்டி அபராதம் கேட்க முடியாது. மத்தியப் பிரதேசம் 2010இலும், கர்நாடகம் 2011இலும், கேரளம் 2012இலும் சேவை பெறும் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றின. குறித்த நாளில் வேலையை முடிக்காத அலுவலர் அங்கே பணமாகப் பதில் சொல்ல நேரிடும். தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லாததால், சாசனத்தில் உள்ள நாள் கணக்கு துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட கெடுவாக மட்டும் நிற்கிறது. இங்கேயும் அந்தச் சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ரேஷன் ஆபீஸ் வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். தாமதத்தின் செலவை இப்போது அவர் ஒருவரே சுமக்கிறார்.

அதனால் சாசனம் பயனற்றது என்று நினைக்க வேண்டாம். மேலதிகாரியிடமோ, குறைதீர் முகாமிலோ, கடைசியில் நீதிமன்றத்திலோ 'தாமதம்' என்று சொல்ல ஓர் அளவுகோல் தேவை. 'ரொம்ப நாளாச்சு' என்றால் அது புலம்பலாகப் போய்விடும். 'துறையின் சாசனத்தில் 60 நாள், எனக்கு 74 நாள்' என்று சொன்னால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்கள் பக்கம் போகிறது.

எனக்கு எந்த ஆபீஸ்? கார்ப்பரேஷன் மண்டல ஆபீஸா, தாசில்தார் ஆபீஸா?

இரண்டும் இல்லை. மற்ற மாவட்டங்களில் ரேஷன் அட்டை வேலையைத் தாலுகா அலுவலகத்தில் இருக்கும் வட்ட வழங்கல் அலுவலர் பார்க்கிறார். சென்னை நகரத்தில் அதற்கென்று உணவு வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையர் அலுவலகங்கள் தனியாக இருக்கின்றன. ராயபுரம், ஆர்.கே.நகர், பெரம்பூர், திருவொற்றியூர் என்று அவற்றுக்குப் பெயர். மாநகராட்சி மண்டலப் பெயர்களும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருப்பதால் குழப்பம் வருகிறது. மாநகராட்சியின் தண்டையார்பேட்டை மண்டலத்துக்குப் போய் நின்றால், சொத்து வரியும் குப்பையும்தான் இங்கே என்று திருப்பி அனுப்புவார்கள்.

வீட்டுக்குப் பக்கத்து ரேஷன் கடையில் கேட்பதே சுலபம். அந்தக் கடை எந்த உதவி ஆணையர் மண்டலத்தில் இருக்கிறதோ அதுதான் உங்கள் அலுவலகம். அதே தெருவில் ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

கட்டணம் எவ்வளவு? புரோக்கர் மூவாயிரம் கேட்கிறார்.

புதிய அட்டைக்கு tnpds.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பித்தால் கட்டணம் ஏதும் இல்லை. அட்டையைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பச் சொன்னால் 25 ரூபாய். தொலைந்த அட்டைக்கு நகல் கேட்டால் தபால் செலவையும் சேர்த்து 45 ரூபாய். இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ விண்ணப்பம் போட்டுத் தரச் சொன்னால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனி. ரசீது கேட்டு வாங்குங்கள்.

மூவாயிரம் வாங்குபவரும் இதே தளத்தில் இதே விண்ணப்பத்தைத்தான் போடுகிறார். பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பதிவு செய்யும் கைபேசி எண்ணாக அவர் தன்னுடைய எண்ணைக் கொடுத்துவிடுவார். அப்புறம் குறிப்பு எண்ணும் ஓடிபியும் அவருக்கே போகும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக்கூட அவரைத் தேடிப் போக வேண்டிவரும். யாரிடம் போட்டாலும் எண் உங்களுடையதாக இருக்கட்டும். அலுவலகத்துக்குள் இருப்பவரே பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் சொல்லலாம்.

அப்ளை பண்ணும்போது என்ன தப்பு நடந்தா பின்னாடி இழுக்கும்?

வடசென்னையில் நான் பார்த்தவரை இழுபறிக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, பெயர் இன்னொரு அட்டையில் இருப்பது. கல்யாணமான பையனின் பெயர் அப்பாவின் அட்டையிலும், மருமகளின் பெயர் அவளுடைய தாய் வீட்டு அட்டையிலும் அப்படியே இருக்கும். ஓர் ஆதார் எண் ஒரு குடும்ப அட்டையில்தான் இருக்க முடியும். இருவரின் பெயரும் பழைய அட்டைகளிலிருந்து நீக்கப்பட்ட பிறகுதான் புதிய விண்ணப்பம் நகரும். நீக்கலுக்கு விண்ணப்பித்துவிட்டால் மட்டும் போதாது, அது ஒப்புதலாக வேண்டும். பழைய அட்டைக்குப் பதிவான கைபேசி எண்ணைக் கொண்டு தளத்தில் உள்ளே போய், உறுப்பினர் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுப் புது விண்ணப்பம் போடுங்கள். ஏற்கெனவே அட்டையில் இருக்கும் குழந்தையின் பெயருக்கும் இதே கதைதான்.

இரண்டாவது, தனிச் சமையல். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனியாகச் சமைத்துத் தனிக் குடும்பமாக வாழ்கிறீர்களா என்பதுதான் புதிய அட்டைக்கு அடிப்படைக் கேள்வி. காசிமேட்டிலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் ஒரே வீட்டில் அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மாடியில் என்று இருப்பது சாதாரணம். ஆய்வுக்கு வருபவர் அடுப்பு எங்கே என்றுதான் முதலில் பார்ப்பார். தனி கேஸ் இணைப்பு இருந்தால் அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள். ஒரே மின் இணைப்பு, ஒரே கதவு எண் என்றால், மாடி அல்லது பின்கட்டு என்று முகவரியில் தெளிவாக எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டால், அந்த முகவரியில் ஏற்கெனவே அட்டை இருக்கிறது என்று ஆய்வு அறிக்கையில் எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

மற்றபடி குடும்பத் தலைவரின் படம், எல்லோருடைய ஆதார், முகவரிச் சான்று, எரிவாயு இணைப்பு விவரம், இவ்வளவுதான். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாக வைக்கலாம். பதிவேற்றும் படம் மங்கலாக இருந்தாலும் திருப்பிவிடுவார்கள்.

மூணு மாசமா 'கள ஆய்வு'ன்னே காட்டுது. இதுக்கு என்ன அர்த்தம்?

உங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்பதற்கு அதுதான் பதில். தாமதத்தைத் துரத்துவதற்கு முன்னால் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தளத்தில் குறிப்பு எண்ணைப் போட்டால், விண்ணப்பம் பதிவானது, துறையின் ஆவணச் சரிபார்ப்பு, கள ஆய்வு, வட்ட வழங்கல் அலுவலரின் ஒப்புதல், அட்டை அச்சு என்று படிப்படியாகக் காட்டும். சென்னையில் 'வட்ட வழங்கல் அலுவலர்' என்ற படி உதவி ஆணையரைக் குறிக்கும்.

ஆவணச் சரிபார்ப்பில் நின்றால், அலுவலகத்துக்குள் யாரும் உங்கள் தாள்களை இன்னும் திறந்து பார்க்கவில்லை, அல்லது ஒரு தாளில் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். நேரில் போய்க் கேட்டால் பதில் கிடைக்கக்கூடிய இடம் இது.

கள ஆய்வில் நிற்பதுதான் நம் பகுதியில் அதிகம். ஆய்வாளர் வரவில்லை என்பது ஒரு வகை. வந்தபோது வீடு பூட்டியிருந்தது, அதோடு விட்டுவிட்டார் என்பது இன்னொரு வகை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. பக்கத்து வீட்டில் சொல்லிவைப்பதோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பிற்பாடு 'வீடு பூட்டியிருந்தது' என்று பதில் வந்தால் இந்தத் தாள் பேசும்.

ஒப்புதலில் நின்றால் கள அறிக்கை போய்விட்டது, உதவி ஆணையரின் முடிவுதான் பாக்கி. இதற்குக் கவுன்டரில் நின்று பயனில்லை, அவரையே பார்க்க வேண்டும். அச்சில் நிற்பது மண்டல அலுவலகத்தின் கையில் இல்லாத விஷயமாகவும் இருக்கலாம். 2023இல் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் வந்த சமயத்தில் புதிய அட்டைகள் மாநிலம் முழுவதும் மாதக்கணக்கில் வராமல் நின்றன. 2024இல்தான் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போதும் இப்படி நிற்பதுண்டு. அந்த மாதிரி நேரத்தில் மண்டல அலுவலக ஊழியரிடம் சண்டை போட்டால் நம் நாள்தான் வீணாகும்.

60 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுறது?

குறிப்பு எண் கிடைத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். இடையில் ஆவணக் குறைக்காக விண்ணப்பத்தை நிராகரித்து, நீங்கள் புதிதாகப் போட்டால், புது எண்ணின் தேதியிலிருந்துதான் கணக்கு. ஞாயிறு, விடுமுறை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். சாசனத்தில் '60 நாட்கள்' என்றுதான் இருக்கிறது.

சரி, 60 நாள் முடிஞ்சுபோச்சு. யாருகிட்ட முதல்ல போகணும்? நேரா சி.எம். செல்லுக்குப் போட்டுடலாமா?

போடலாம், தடை எதுவும் இல்லை. ஆனால் அங்கே போட்ட மனு கடைசியில் அதே மண்டல அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும். முன்னால் எழுத்தில் எதுவும் கொடுக்காமல் போனால், 'மனுதாரரின் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரிப் பதிலோடு மூடிவிடுவார்கள். கீழேயிருந்து படிப்படியாகப் போனால் ஒவ்வொரு படியிலும் உங்கள் கையில் ஒரு தாள் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் புதுத் தம்பதி. கணவன் பெயர் ராயபுரத்தில் அப்பா அட்டையில் இருந்தது, மனைவி பெயர் திருவொற்றியூரில் தாய் வீட்டு அட்டையில் இருந்தது. இரண்டு பெயர்களும் நீக்கப்பட்ட பிறகு மார்ச் 3ஆம் தேதி புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60ஆவது நாள் மே 2. அன்றைக்கும் தளத்தில் 'கள ஆய்வு' என்றே காட்டுகிறது.

முதலில் அந்தத் திரையை அச்செடுக்க வேண்டும். தேதி தெரியும்படி இருக்கட்டும். அடுத்த வேலை நாளில் உதவி ஆணையர் பெயருக்கு மனு. இதை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. இரண்டு பிரதி கொண்டுபோய், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து மற்றதில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மே மாத இரண்டாம் சனிக்கிழமை. சென்னையில் உள்ள மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் மதியம் 1 மணி வரை பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடத்துவது வழக்கம். தேதி மாறியிருக்கிறதா என்று மட்டும் முந்தைய வாரம் செய்தித்தாளிலோ கடையிலோ பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முகாமைப் பலர் பெயர் சேர்க்க, முகவரி மாற்ற மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தாமதமான விண்ணப்பத்துக்கும் இதுதான் மிகச் சரியான இடம் என்பேன். அன்று அதிகாரியும் இருப்பார், கோப்பும் அங்கேயே இருக்கும், கணினியும் திறந்திருக்கும். முத்திரை போட்ட மனு நகலைக் காட்டி, 'ஆய்வு எந்தத் தேதியில், யார் வருவார்' என்ற ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலை அங்கேயே மனு நகலின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

சொன்ன தேதியில் ஆய்வாளர் வராவிட்டால் அடுத்த படி துணை ஆணையர். சென்னை நகரத்தை வடக்கு, தெற்கு என்று பிரித்து இரண்டு துணை ஆணையர்கள் இருக்கிறார்கள். நமக்கு வடக்கு. அவருக்கு எழுதும் மனுவில் உதவி ஆணையரிடம் கொடுத்த மனுவின் நகலை இணைக்க வேண்டும். துறையின் 1967 என்ற இலவச எண்ணிலும், 1800 425 5901 என்ற எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

இதற்கும் அசையாவிட்டால் 1100. முதல்வரின் முகவரித் துறையின் உதவி எண் அது. அப்போது உங்கள் புகார் வெறும் 'அட்டை வரவில்லை' என்று இருக்காது. மார்ச் 3 விண்ணப்பம், மே முதல் வாரம் உதவி ஆணையருக்கு மனு, முகாமில் சொல்லப்பட்ட ஆய்வுத் தேதி, துணை ஆணையருக்கு மனு என்று வரிசையாக இருக்கும். 'பரிசீலனையில் உள்ளது' என்று அதை மூடுவது கடினம். அப்படியே மூடினாலும், பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு, கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று அடுத்த மனு போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே உணவு வழங்கல் துறை ஆணையர். அலுவலகம் சேப்பாக்கம் எழிலகத்தில். அங்கே நேரில் அலைவதைவிட, மேற்சொன்ன தாள்களின் நகலோடு தபாலில் அனுப்புவதே போதுமானது.

அந்த மனுவை எப்படி எழுதணும்? எனக்கு எழுத வராது.

நீளமாக எழுத வேண்டாம். வீட்டுக் கஷ்டத்தை ஒரு வரிக்கு மேல் எழுதினால் தேதிகள் அதில் புதைந்துபோகும். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"பெறுநர்: உதவி ஆணையர், உணவு வழங்கல் துறை, ஆர்.கே.நகர் மண்டலம். பொருள்: புதிய குடும்ப அட்டை விண்ணப்பம், சாசனக் காலக்கெடு கடந்தது தொடர்பாக.

ஐயா / அம்மா, நான் மேற்கண்ட முகவரியில் வாடகைக்குத் தனிக் குடும்பமாக வசிக்கிறேன். மார்ச் 3 அன்று புதிய அட்டைக்கு விண்ணப்பித்தேன். குறிப்பு எண் இது. எங்கள் பெயர்கள் முந்தைய அட்டைகளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. துறையின் மக்கள் சாசனப்படி 60 நாட்கள் மே 2 அன்று முடிந்தன. இன்றுவரை கள ஆய்வு நிலையில் உள்ளது. ஆய்வு நடைபெறும் தேதியை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும், ஆய்வு முடிந்திருந்தால் அறிக்கையின்படி முடிவெடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். சனி, ஞாயிறு முழு நாளும், மற்ற நாட்களில் மாலை 6 மணிக்கு மேலும் வீட்டில் இருப்போம்."

கீழே கையெழுத்து, கைபேசி எண், இணைப்புகளின் பட்டியல். அவ்வளவுதான். 'உடனே அட்டை தாருங்கள்' என்று கேட்பதைவிட 'ஆய்வுத் தேதியைச் சொல்லுங்கள்' என்று கேட்பது பலன் தரும். ஆய்வு நடக்காமல் அட்டையை அவரால் தர முடியாது, தேதியைச் சொல்ல முடியும்.

ஆர்.டி.ஐ. போட்டா வேலை நடக்கும்னு சொல்றாங்களே?

ஆர்.டி.ஐ. என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு உங்களுக்கு அட்டையைத் தராது. கோப்பைத் திறக்க வைக்கும். தூங்கிக்கொண்டிருக்கும் விண்ணப்பத்துக்கு அதுவே பல நேரம் போதும்.

மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்ப வேண்டும். rtionline.tn.gov.in வழியாகவும் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இந்தக் கெடு சாசனத்தைப் போல் வெறும் உறுதிமொழி இல்லை.

'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லவோ விளக்கம் தரவோ தகவல் அலுவலருக்குக் கட்டாயம் இல்லை. கோப்பில் இருப்பதைக் கேளுங்கள். இந்தக் குறிப்பு எண்ணுள்ள விண்ணப்பம் கள ஆய்வுக்கு எந்தத் தேதியில், எந்தப் பதவியில் இருப்பவருக்கு அனுப்பப்பட்டது? கள அறிக்கையின் நகல். நான் கொடுத்த மனுவின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைத் தாளின் நகல். எனக்குப் பின்னால் விண்ணப்பித்து எனக்கு முன்னால் அட்டை பெற்றவர்களின் எண்ணிக்கை, இந்த மண்டலத்தில். இந்த நாலும் போதும். கடைசிக் கேள்விக்குப் பெயர் விவரம் கேட்காதீர்கள், மற்றவர்களின் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது மழுப்பல் பதில் என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஆணையம் வரை போனால் காலம் பிடிக்கும். அட்டைக்காக அதுவரை காத்திருக்க வேண்டாம், மற்ற படிகளைப் பக்கத்திலேயே நடத்திக்கொண்டிருங்கள்.

தாமதம் இல்லை, 'நிராகரிக்கப்பட்டது'ன்னே வந்துடுச்சு.

காரணத்தைத் தளத்தில் பாருங்கள். பெயர் வேறு அட்டையில் இருக்கிறது, ஆவணம் சரியில்லை என்றால் அதைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே சீக்கிரம் முடியும். 'அந்த முகவரியில் இல்லை', 'தனிச் சமையல் இல்லை' என்று வந்திருந்து அது உண்மையில்லை என்றால், சும்மா திரும்ப விண்ணப்பிக்காதீர்கள். பழைய அறிக்கையே மறுபடி குறுக்கே நிற்கும். மறு ஆய்வு கேட்டு உதவி ஆணையருக்கு எழுத்தில் கொடுங்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், வீட்டு உரிமையாளரின் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள்.

அட்டைல PHH, NPHHன்னு வகை இருக்கே. தாமதத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

புதிய அட்டைக்கான காலக்கெடு ஒன்றுதான். ஆனால் புகார் வழியில் ஒரு வித்தியாசம் உண்டு. முன்னுரிமைக் குடும்பங்களுக்கான PHH, அவர்களிலும் மிக ஏழைகளுக்கான PHH-AAY அட்டைகள் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இன் கீழ் வருபவை. அந்தச் சட்டம் மாவட்டக் குறைதீர் அலுவலர், மாநில உணவு ஆணையம் என்று இரண்டு படிகளை வைத்திருக்கிறது. குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தகுந்த காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இது அந்தச் சட்டப்படி சேர வேண்டிய உணவுப் பொருள் கிடைக்காதவர்களுக்கான வழி. முன்னுரிமை இல்லாத குடும்பங்களுக்கான NPHH அட்டை அச்சாகித் தாமதமாக வருவதற்கு இதைப் பிடித்துக்கொள்ள முடியாது.

இவ்வளவும் பண்ணியும் நடக்கலைன்னா கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். உங்கள் மனுவைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி அதிகாரிக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அட்டை கொடு என்று நீதிமன்றம் நேரடியாகச் சொல்வது அபூர்வம், முடிவெடு என்றுதான் பெரும்பாலும் சொல்லும். வழக்கறிஞர் செலவை நினைத்துப் பயப்படுபவர்கள் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே இந்தப் படிக்கு வரும் வீட்டில் மனைவி பெயரில் மனு போடுவது வசதி. முத்திரை போட்ட நகல்கள் இல்லாமல் இங்கே வந்தால் மட்டும் எதுவும் நகராது.

அட்டை வந்ததும் முதல்ல என்ன பார்க்கணும்?

பெயர் எழுத்து, பிறந்த தேதி, வகை, கடை எண் நான்கையும் பாருங்கள். குடும்பத் தலைவரின் கைபேசி எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று தளத்தில் சரிபாருங்கள், கடையில் பொருள் வாங்கினால் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். வாங்காத பொருளுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அன்றே 1967இல் சொல்லிவிடுங்கள். எல்லா உறுப்பினர்களின் கைரேகையும் கடை இயந்திரத்தில் ஏற்கிறதா என்று முதல் மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். வயதானவர்களுக்கும், மீன் வேலை, தோல் வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்கும் இயந்திரம் ஏற்காமல் போவதுண்டு. அப்படியானால் அடுத்த இரண்டாம் சனிக்கிழமை முகாமுக்கு அவர்களை அழைத்துக்கொண்டு போய் மாற்று ஏற்பாடு கேட்டு எழுதிக் கொடுங்கள்.